நானே எழுதிய புரோகிராம்: தள்ளு 18 செட், இழு 19 செட். சமம்தானே?

மொட்டைமாடி · 2024 மார்ச் 3, ஞாயிறு

வாரம் நான்கு நாள். கோச் கிடையாது, புரோகிராம் நானே எழுதியது. தள்ளும் வேலையும் இழுக்கும் வேலையும் சமமாக இருக்கவேண்டும் என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், தள்ளு 18, இழு 19. இழுப்பதுதான் ஒன்று கூட. ஆனால் பெஞ்ச் நன்றாக ஏறுகிறது, ரோ பல மாதமாக அதே எடையில் நிற்கிறது. பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் தோள் முன்னால் உருண்டு தெரிகிறது. வலி இல்லை. கணக்கு சரியாக இருக்கும்போது ஏன் இப்படி?

திங்கள்: பெஞ்ச் பிரஸ் 4, இன்கிளைன் டம்பெல் 3, ஓவர்ஹெட் பிரஸ் 3, சைடு லேட்டரல் 3, டிரைசெப் புஷ்டவுன் 3
செவ்வாய்: லேட் புல்டவுன் 4, புல்-அப் 3, கேபிள் ரோ 3, பைசெப் கர்ல் 3
வியாழன்: ஸ்குவாட், லெக் கர்ல், டெட்லிஃப்ட் 3
சனி: பெஞ்ச் 3, டிப்ஸ் 3, புஷ்-அப் 2, கடைசியாக ஒற்றைக்கை டம்பெல் ரோ 3

வேளச்சேரி வேங்கை · மார்ச் 3

எனக்கும் இதே பிரச்சினை. வலது கை இடது கையைவிட அரை இஞ்ச் பெரிது. இடது கைக்கு மட்டும் ரெண்டு செட் கூடப் போட்டேன், சரியாகவில்லை. இப்போது சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் சிரிக்கிறார்.

மொட்டைமாடி · மார்ச் 3

இடம் வலம் பற்றிக் கேட்கவில்லை. முன்பக்கம் பின்பக்கம்.

பின்தோள் · மார்ச் 4

18ஐயும் 19ஐயும் எப்படிக் கூட்டினீர்கள்? உங்கள் பட்டியலை நான் கூட்டினால், டெட்லிஃப்ட் மூன்றையும் பைசெப் கர்ல் மூன்றையும் இழுப்பில் போட்டால்தான் 19 வருகிறது. ஆனால் டிரைசெப் புஷ்டவுனைத் தள்ளுவதில் போடவில்லை. கர்லைச் சேர்த்தால் புஷ்டவுனையும் சேர்க்கவேண்டும். இல்லையென்றால் இரண்டையும் விடவேண்டும்.

டெட்லிஃப்டில் கை வெறும் கொக்கி. தோள் பின்னால் போவதே இல்லை, லேட்டும் மேல்முதுகும் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இடுப்புக்கும் தொடையின் பின்பக்கத்துக்கும் அது நல்ல வேலைதான். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு எதிர்வேலை என்று அதைச் சொல்லமுடியாது.

இரண்டையும் எடுத்துவிட்டால் 18க்கு 13. இது முதல் வடிகட்டல்தான், இன்னும் இருக்கிறது.

மொட்டைமாடி · மார்ச் 4, இரவு

சரி, 18க்கு 13. அப்படியும் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லையே. ஐந்து செட்டுக்கா தோள் உருளும்?

கணக்குப்புலி · மார்ச் 5

செட்டை எண்ணுவதே சோம்பேறித்தனம். எடை × ரெப்ஸ் × செட், அதுதான் உண்மையான வால்யூம். பெஞ்ச் 70 கிலோ, 8 ரெப், 4 செட் என்றால் 2240 கிலோ. இதே மாதிரி எல்லாவற்றுக்கும் போட்டு இரண்டு பக்கத்தையும் கூட்டுங்கள். உண்மை தெரிந்துவிடும்.

மொட்டைமாடி · மார்ச் 5

போட்டுப் பார்த்தேன். இழுப்பு ரொம்பவும் கீழே போய்விட்டது. காரணம், புல்-அப் வரிசையில் எடை என்ற இடத்தில் 0 என்று எழுதி வைத்திருக்கிறேன். என் உடம்பு எடை 74, 6 ரெப், 3 செட் என்று போட்டால் 1332 கிலோ ஏறுகிறது. ஒரே கட்டத்தில் எதை எழுதுகிறேன் என்பதைப் பொறுத்து ஆயிரத்துச் சொச்சம் கிலோ வருவதும் போவதுமாக இருந்தால் அதை வைத்து எதைத் தீர்மானிப்பது?

பின்தோள் · மார்ச் 6

கணக்குப்புலி பாதி சரி. ஒரே பயிற்சியை அதனோடேயே ஒப்பிடும்போது கிலோ கணக்கு நன்றாக உதவும். ஜனவரியில் கேபிள் ரோ எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பார்க்கலாம். இரண்டு வெவ்வேறு பயிற்சிகளை ஒப்பிடும்போது கதை மாறும். கேபிள் மெஷினில் ஒரு புல்லியா இரண்டு புல்லியா என்பதைப் பொறுத்து தகட்டில் இருக்கும் 50 கிலோ கையில் 25 ஆகத் தெரியலாம். ஜிம் மாறினால் எண்ணும் மாறிவிடும். பின்தோளுக்கு 10 கிலோ போதும், மார்புக்கு 70 கிலோ வேண்டும். கிலோவில் சமன் செய்யப் போனால் பின்தோளுக்கு வாரம் முழுக்க வேலை செய்யவேண்டியிருக்கும்.

பக்கத்துக்குப் பக்கம் பார்க்க செட்தான் நல்லது. அதிலும் கடினமான செட் மட்டும். அதாவது முடித்தபோது இன்னும் மூன்று ரெப்புக்குமேல் போடமுடியாது என்ற நிலையில் இருந்த செட்.

இரண்டாவது வடிகட்டல் திசை. கிடைமட்டமாகத் தள்ளுவது, கிடைமட்டமாக இழுப்பது, மேலே தள்ளுவது, மேலிருந்து இழுப்பது என்று நாலாகப் பிரித்துப் போடுங்கள். டிப்ஸைக் கிடைமட்டத் தள்ளலில் சேருங்கள். அது கீழ்நோக்கித் தள்ளுவதுதான், ஆனால் வேலை மார்புக்கும் முன்தோளுக்கும் போகிறது.

தண்டால் தாத்தா · மார்ச் 6

தம்பி, எங்கள் காலத்தில் தண்டால் நூறு, பஸ்கி நூறு. இழுப்பு என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுதான். யாருக்கும் தோள் முன்னால் வரவில்லை.

எக்செல்காரி · மார்ச் 6

தாத்தா, கிணறு இருந்ததால்தான் வரவில்லை. உங்கள் புரோகிராம் சமமாக இருந்திருக்கிறது.

தண்டால் தாத்தா · மார்ச் 7

அது சரிதான். கூடவே கர்லா கட்டையும் சுற்றுவோம். இப்போது வீட்டில் மோட்டார் போட்டாயிற்று, எனக்கும் இடது தோள் பிடிக்கிறது.

மொட்டைமாடி · மார்ச் 9

நாலாகப் பிரித்தேன்.

கிடைமட்டத் தள்ளல்: பெஞ்ச் 4 + 3, இன்கிளைன் 3, டிப்ஸ் 3, புஷ்-அப் 2. மொத்தம் 15.
கிடைமட்ட இழுப்பு: கேபிள் ரோ 3, டம்பெல் ரோ 3. மொத்தம் 6.
மேல்நோக்கித் தள்ளல்: ஓவர்ஹெட் பிரஸ் 3.
மேலிருந்து இழுப்பு: புல்டவுன் 4, புல்-அப் 3. மொத்தம் 7.

15க்கு 6. மேலிருந்து இழுக்கும் ஏழு செட்டுதான் இத்தனை நாள் கிடைமட்டப் பள்ளத்தை மூடி மறைத்திருக்கிறது. மொத்தமாகக் கூட்டும்போது இது கண்ணில் படவே இல்லை.

ஆனால் இதிலும் ஒரு கேள்வி. புல்-அப்பும் முதுகுக்குத்தானே? லேட்டுக்கு வேலை போய்ச் சேர்ந்தால் முதுகு வளரத்தானே செய்யும்? அது ஏன் பெஞ்ச் பிரஸ்ஸை ஈடுகட்டாது?

பின்தோள் · மார்ச் 10

முதுகு வளரும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் லேட் மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. அது சுருங்கும்போது கையை உள்பக்கமாகவும் திருப்புகிறது. மார்புத் தசையும் அதையேதான் செய்கிறது. கிடைமட்டத் தள்ளல் 15 செட், மேலிருந்து இழுப்பு 7 செட் என்றால், உள்பக்கம் திருப்பும் இரண்டு பெரிய தசைகளுக்கு 22 செட் போகிறது. வெளிப்பக்கம் திருப்பும் இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரிஸ் மைனர் இரண்டுக்கும் உங்கள் பட்டியலில் நேரடியாக ஒரு செட்கூட இல்லை. ரோவில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

முன்தோளையும் பாருங்கள். உங்கள் 18 தள்ளு செட்டிலும் அதற்கு வேலை உண்டு. பின்தோளுக்கு ரோ ஆறு செட்டில் ஓரளவு, புல்-அப்பில் கொஞ்சம். பட்டியலில் முன்தோளுக்கென்று தனியாக எதுவும் எழுதாமலேயே அது மூன்று மடங்கு வாங்குகிறது.

புல்அப் பித்தன் · மார்ச் 10

நான் பல வருடமாக புல்-அப் மட்டும்தான் போடுகிறேன், ரோ தொட்டதே இல்லை. தோளில் ஒரு பிரச்சினையும் இல்லை. இதெல்லாம் பயமுறுத்தல்.

பின்தோள் · மார்ச் 10

நீங்கள் பெஞ்ச் எவ்வளவு போடுகிறீர்கள்?

புல்அப் பித்தன் · மார்ச் 11

பெஞ்ச் போடுவதில்லை.

எக்செல்காரி · மார்ச் 11

நல்ல வேளை கேட்டீர்கள்.

நான் ஷீட்டில் வைத்திருப்பது இது. A தேதி, B பயிற்சி, C வகை, D திட்டமிட்ட செட், E உண்மையில் போட்ட செட், F மிச்சமிருந்த ரெப். வகைக்கு கித, கிஇ, மேத, மேஇ என்று நாலு குறி. H1இல் வாரத் தொடக்கத் தேதி.

```
=SUMIFS(E:E,C:C,"கிஇ",F:F,"<=3",A:A,">="&H1,A:A,"<"&H1+7)
```

அந்த வாரத்தில் உண்மையில் போட்ட, கடினமான, கிடைமட்ட இழுப்பு செட் மட்டும் வரும். குறியை மாற்றி நாலு கட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: F கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த வரி கணக்கில் சேராது. பெஞ்சுக்கு எல்லாரும் ஆசையாக எழுதுவார்கள், ரோவுக்கு எழுதமாட்டார்கள். அப்புறம் ரோ குறைவு என்று ஷீட் அலறும். அது உங்கள் முதுகின் குறை இல்லை, சோம்பலின் குறை.

மொட்டைமாடி · மார்ச் 17

D, E இரண்டையும் தனித்தனியாக வைத்ததுதான் எனக்குப் பெரிய உதவி. பழைய நோட்டைப் புரட்டி முந்தைய சில வாரங்களை ஏற்றினேன். திட்டத்தில் சனிக்கிழமை டம்பெல் ரோ மூன்று செட். உண்மையில் பாதி வாரங்களில் அது இல்லை. சனிக்கிழமை நேரம் போதாதபோதெல்லாம் கடைசியில் இருப்பதுதான் வெட்டுப்படுகிறது, கடைசியில் இருப்பது எப்போதும் ரோ. பெஞ்ச் ஒரு வாரம்கூட விடுபடவில்லை.

செவ்வாய்க்கிழமை கேபிள் ரோவின் கதை வேறு. புல்டவுன், புல்-அப் முடித்து கை களைத்த பிறகு வருகிறது. பிடி தளர்ந்தவுடன் நிறுத்திவிடுகிறேன், முதுகு இன்னும் நாலைந்து ரெப் போட்டிருக்கும். ஷீட்டின் கணக்குப்படி அது கடினமான செட்டே இல்லை.

ஆக, பேப்பரில் 15க்கு 6. ஒரு மோசமான வாரத்தில் நிஜமாகவே 15க்கு 0. மூன்று செட் கேபிள் ரோ போட்டது உண்மை, ஆனால் ஒன்றும் கடினமாக இல்லை. ரோ ஏன் ஏறவில்லை என்று கேட்டேனே, ஏறுவதற்கு அதற்கு வேலையே கொடுக்கவில்லை.

கணக்குப்புலி · மார்ச் 17

பூஜ்யம் என்பது மிகை. லேசான செட்டுக்கும் கொஞ்சம் பலன் உண்டு.

மொட்டைமாடி · மார்ச் 17

உண்டு. ஆனால் பெஞ்ச் பக்கத்தில் 15ம் கடைசி ரெப் வரை போனவை. அவற்றுக்கு எதிரே வைக்கும்போது அரை என்று வைத்தாலும் படம் மாறவில்லை.

புல்அப் பித்தன் · மார்ச் 18

அப்படியானால் எளிது. இழுப்பை இரண்டு மடங்காக்குங்கள். ஒரு தள்ளலுக்கு இரண்டு இழுப்பு, பழைய கோச்சுகள் சொல்வதுதான்.

பின்தோள் · மார்ச் 18

அது அனுபவ விதி, ஆராய்ச்சி முடிவு அல்ல. பெஞ்சிலேயே வாழ்கிறவர்களைத் திருப்பிவிட அப்படிச் சொல்லிவைத்தார்கள், நிறையப் பேருக்கு உதவியும் இருக்கிறது. ஆனால் 18 தள்ளலை வைத்துக்கொண்டு 36 இழுப்பு போட்டால் தோளுக்கு முன் முழங்கை போய்விடும். புல்-அப்பையும் ரோவையும் ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கி, முழங்கையின் உள்பக்க எலும்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் தள்ளலைக் கொஞ்சம் வெட்டுங்கள். அப்புறம் இழுப்பை வாரத்துக்கு இரண்டு மூன்று செட்டாக ஏற்றுங்கள்.

மொட்டைமாடி · மார்ச் 20

பெஞ்சை வெட்டுவதா என்று மனசு கேட்கவில்லை. இருந்தாலும் மாற்றி எழுதினேன்.

சனிக்கிழமை பெஞ்ச் 3 போய்விட்டது. செவ்வாய் புல்டவுன் 4க்குப் பதில், மார்பைச் சாய்வுப் பெஞ்சில் வைத்து இழுக்கும் டம்பெல் ரோ 4, அதுவும் முதல் பயிற்சியாக. சனிக்கிழமை ஒற்றைக்கை ரோவும் முதலில். கடைசியில் பேஸ் புல் 3, பக்கவாட்டில் படுத்து முழங்கையை விலாவோடு ஒட்டிக் கையை வெளியே திருப்பும் பயிற்சி 2.

இப்போது கிடைமட்டம் 12க்கு 10. மேலே 3க்கு 3. பேஸ் புல் தனி. பிடி தளர்வதற்கு வியாழன் டெட்லிஃப்டும் ஒரு காரணம் என்று சந்தேகம், ஆனால் அதை இப்போது தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

புஷ்-அப்பையும் வெட்ட நினைத்தேன்.

பின்தோள் · மார்ச் 20

வெட்டவேண்டாம். பெஞ்சில் படுக்கும்போது தோள்பட்டை எலும்பு மெத்தையில் அழுந்தி நிற்கிறது. புஷ்-அப்பில் அது விலாவைச் சுற்றி முன்னும் பின்னும் போகிறது, செராட்டஸ் தசைக்கு வேலை வருகிறது. மேலே வந்தபின் இன்னும் ஓர் அங்குலம் தரையைத் தள்ளுங்கள். ஓவர்ஹெட் பிரஸ்ஸையும் பயந்து எடுக்கவேண்டாம். கை தலைக்குமேல் போகும்போது தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழலவேண்டும், அதுவும் தேவையான அசைவுதான்.

வேளச்சேரி வேங்கை · மார்ச் 21

இதில் பேஸ் புல்லை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒன்றா, அரையா?

கணக்குப்புலி · மார்ச் 21

ஒன்று. கயிற்றை நம் பக்கம்தானே இழுக்கிறோம்.

பின்தோள் · மார்ச் 21

நான் தனி வரிசையில் வைப்பேன். லேட்டுக்கும் நடுமுதுகின் பெரிய வேலைக்கும் அது ரோ மாதிரி ஆகாது. பின்தோளுக்கும் வெளித்திருப்பத்துக்கும் ரோவைவிட நல்லது. ஒன்று என்று போட்டுவிட்டு ரோவைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், 10 கிலோ கயிறு 70 கிலோ பெஞ்சுக்கு ஈடு என்று நம்பிக்கொண்டு.

கணக்குப்புலி · மார்ச் 21

செட் கணக்கில் கிலோ பார்க்கக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

பின்தோள் · மார்ச் 22

மாட்டிவிட்டீர்கள். சரி, அரை.

மொட்டைமாடி · ஏப்ரல் 14

புத்தாண்டு லீவு, ஷீட்டைப் பார்க்க நேரம் கிடைத்தது.

மார்பைச் சாய்த்து இழுக்கும் ரோ ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. கேபிள் ரோவில் போட்ட எடைக்குச் சமமாக இருக்கும் என்று நினைத்து 24 கிலோ டம்பெல்லோடு ஆரம்பித்தேன். மேலே ஒரு வினாடி நிறுத்த முடியவில்லை. காதை நோக்கித் தோள் ஏறுகிறது. 16க்கு இறங்கினேன், நிறுத்த முடிந்தது. கேபிளில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டித்தான் அந்த எடையை இழுத்துக்கொண்டிருந்தேன் போல. இப்போது 18இல் 10 ரெப், நிறுத்தி.

பெஞ்ச் குறைந்துவிடும் என்று பயந்தேன். வாரம் ஒருநாள்தான், ஆனால் 70 அப்படியே நிற்கிறது.

படுத்துக்கொண்டு கையை வெளியே திருப்பும் பயிற்சிக்கு 5 கிலோ எடுத்தேன், இரண்டு கையும் நடுங்கியது. 2 கிலோதான் ஒழுங்காக வருகிறது. மனைவி வீட்டில் கண்ணாடி ஜாடியில் உப்பு நிரப்பிக் கொடுத்தாள்.

போட்டோவில் தோள் இன்னும் முன்னால்தான் இருக்கிறது.

பின்தோள் · ஏப்ரல் 15

போட்டோவை அளவுகோலாக வைக்காதீர்கள். முன்மார்பு இறுகி மேல்முதுகு தளர்ந்த அமைப்பு என்று செக் மருத்துவர் யாண்டா விவரித்தது பிரபலம். ஆனால் அப்படி நிற்கிற எல்லாருக்கும் வலி வருவதில்லை, நேராக நிற்கிறவர்களுக்கும் வருகிறது. நின்று கேமராவைப் பார்க்கும் விதத்திலேயே ஒரு விரல்கடை மாறும். ரோவில் நிறுத்த முடிகிறதா, இரண்டு பக்க வேகமும் ஒன்றாக ஏறுகிறதா, அதைப் பாருங்கள்.

செட் கணக்கை வைத்து வலிக்கு வைத்தியம் பார்க்கவும் வேண்டாம். இரவில் தோள் வலித்து எழுப்பினால், கை மரத்துப்போனால், கையைத் தூக்கப் பலம் இல்லையென்றால் ஷீட்டை மூடிவிட்டு ஆளைப் பார்க்கவேண்டும். தண்டால் தாத்தாவுக்கும் சேர்த்துத்தான்.

தண்டால் தாத்தா · ஏப்ரல் 15

நான் போய்ப் பார்த்துவிட்டேன். கட்டையை மறுபடி சுற்றச் சொல்லவில்லை, கொஞ்ச நாள் சும்மா இருக்கச் சொன்னார்கள். அதுதான் கஷ்டம்.

எக்செல்காரி · ஏப்ரல் 16

கால் பக்கத்துக்கும் இதேபோல் பிரிக்கலாமா? எனக்கு ஸ்குவாட், லெக் பிரஸ் சேர்த்து 12 செட், லெக் கர்ல் 3, ரொமேனியன் டெட்லிஃப்ட் 3. 12க்கு 6 என்று வருகிறது.

பின்தோள் · ஏப்ரல் 16

பிரிக்கலாம், ஆனால் தோளில் போட்ட கணக்கு அப்படியே ஒட்டாது. ஸ்குவாட்டில் முன்தொடைக்கும் பிட்டத்துக்கும் சேர்ந்தே வேலை. தொடையின் பின்பக்கத்துக்கு முழங்காலை மடக்கும் வேலை, இடுப்பை நீட்டும் வேலை என்று இரண்டு. லெக் கர்லை எடுத்துவிட்டு ரொமேனியனை ஆறாக்கினால் எண் மாறாது, ஒரு வேலை காணாமல் போயிருக்கும்.

மொட்டைமாடி · ஏப்ரல் 28

ரோ 20 கிலோ, 8 ரெப், நிறுத்தி. பெஞ்ச் 72.5. போன வாரம் ஊருக்குப் போனதில் சனிக்கிழமை பாதிதான் போட்டேன். வெட்டுப்பட்டது புஷ்-அப்பும் டிப்ஸும், ரோ நின்றது. ஷீட்டில் அந்த வாரம் கிடைமட்டம் 7க்கு 10 என்று தலைகீழாக நிற்கிறது.

அதைச் சரிக்கட்ட அடுத்த வாரம் தள்ளல் கூட்டவேண்டுமா, அல்லது நான்கு வாரச் சராசரியை மட்டும் பார்த்தால் போதுமா?

கணக்குப்புலி · ஏப்ரல் 28

சராசரி.

எக்செல்காரி · ஏப்ரல் 28

சராசரிதான். இன்னொரு கட்டத்தில் `">="&H1`ஐ `">="&H1-21` ஆக்கி 4ஆல் வகுத்துவிடுங்கள். ஆனால் வாரக் கட்டத்தையும் அழிக்காதீர்கள், எந்தப் பயிற்சி அடிக்கடி விடுபடுகிறது என்று அதில்தான் தெரியும்.

வேளச்சேரி வேங்கை · ஏப்ரல் 29

என் இடது கைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பின்தோள் · ஏப்ரல் 29

பார்பெல்லை விட்டு டம்பெல்லுக்கு மாறுங்கள். இடது கையில் ஆரம்பியுங்கள், அது எத்தனை ரெப் போட்டதோ வலதுக்கும் அத்தனையே, ஒன்றுகூடக் கூடாது. அரை இஞ்ச் பலருக்கும் இருப்பதுதான். டெய்லரை மாற்றினாலும் சரியாகும்.